கல்லாவில் 220 ரூபாய், சம்பாத்தியம் 854 ரூபாய்
ஒரு தள்ளுவண்டிப் பழக்கடையின் இரண்டு நாள் கணக்கு

சென்னை கோயம்பேடு பழ அங்காடியில் விடியலுக்கு முன்பே சரக்கு லாரிகள் காலியாகத் தொடங்கிவிடுகின்றன. மண்டிகளின் முன்னால் அடுக்கப்பட்ட கிரேட்டுகளுக்கு நடுவே நின்று, மேல் வரிசைப் பழத்தை மட்டும் பார்த்து விலை பேசாமல், கையை உள்ளே விட்டு அடி வரிசைப் பழத்தை அழுத்திப் பார்க்கும் சில்லரை வியாபாரிகள், அன்றைய வருமானத்தின் பெரும்பகுதியை அந்தச் சில நிமிடங்களிலேயே தீர்மானித்துவிடுகின்றனர். மாலையில் வண்டியருகே நடக்கும் விற்பனை, காலையில் எடுத்த முடிவு சரியா தவறா என்பதைக் காட்டுகிறதே தவிர, அந்த முடிவை அதனால் மாற்ற இயலாது.

எனினும் இரவில் கல்லாப் பையை எண்ணும்போது வியாபாரிக்குக் கிடைக்கும் விடை, அன்றைய உண்மையான சம்பாத்தியத்தைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. சில நாட்களில் அதற்கு நேர்மாறாகவும் அமைகிறது. இது ஏன் என்பதை விளக்குவதற்காக, தள்ளுவண்டியை நாள் வாடகைக்கு எடுத்துக் கொய்யா, சப்போட்டா, சாத்துக்குடி ஆகிய மூன்று பழங்களை மட்டும் விற்கும் ஒரு கற்பனை வியாபாரியின் அடுத்தடுத்த இரு நாட்கள் இங்கே கணக்கிடப்படுகின்றன. விலைகள் பருவத்துக்கும் வரத்துக்கும் ஏற்ப நாள்தோறும் மாறுபவை என்பதால், இங்குள்ள தொகைகளைச் சந்தை நிலவரமாகக் கொள்ளாமல், கணக்கின் போக்கை உணர்த்தும் மாதிரியாகவே கொள்ள வேண்டும்.

விடியல்: அடக்க விலை

முதல் நாள் காலையில் அந்த வியாபாரி 20 கிலோ கொய்யாவைக் கிலோ 50 ரூபாய்க்கும், 15 கிலோ சப்போட்டாவை 40 ரூபாய்க்கும், 20 கிலோ சாத்துக்குடியை 55 ரூபாய்க்கும் வாங்குகிறார். மொத்தம் 55 கிலோ, 2,700 ரூபாய். இதனுடன் சுமைகூலி 60 ரூபாயும், நான்கைந்து வியாபாரிகள் சேர்ந்து அமர்த்திக்கொள்ளும் சிறு சரக்கு வண்டியில் அவருடைய பங்கான 160 ரூபாயும் சேர்ந்து, சரக்கு கடைக்கு வந்து சேரும்போது 2,920 ரூபாய் ஆகிவிடுகிறது. கிலோவுக்கு நான்கு ரூபாய் கூடுவதால் கொய்யா 54, சப்போட்டா 44, சாத்துக்குடி 59 ரூபாய் என்றாகிறது. வாங்கிய விலையுடன் கொண்டுவந்து சேர்க்கும் செலவும் கூடிய இத்தொகையே அடக்க விலை எனப்படும். மண்டியில் பேசிய 50 ரூபாயை மனத்தில் வைத்துக்கொண்டு மாலையில் 60 ரூபாய்க்குக் கொய்யாவைத் தள்ளும் வியாபாரி, கிலோவுக்குப் பத்து ரூபாய் கிடைத்ததாக எண்ணுகிறார். உண்மையில் கிடைப்பது ஆறு.

கிரேட்டின் எடையைக் கழித்துத்தான் பழத்தின் எடையைக் கொள்ள வேண்டும் என்பது அனைவரும் அறிந்ததே. அடி வரிசையில் நசுங்கிய பழமும், பழ ஈ துளைத்த பழமும் எவ்வளவு இருக்கும் என்பது கிரேட்டைக் கவிழ்த்த பிறகே தெரிகிறது. அந்த நாளில் கொய்யாவில் ஒரு கிலோவும் சப்போட்டாவில் ஒரு கிலோவும் விற்பனைக்கு ஆகாதவை எனக் கழிகின்றன.

> கோயம்பேடு
> சென்னையின் மொத்தக் காய்கறி, பழ வணிகம் நெரிசல் மிகுந்த கொத்தவால்சாவடியிலிருந்து 1996இல் கோயம்பேடு வளாகத்துக்கு மாறியது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த வளாகம் இது. 2020 மே மாதத்தில் கொரோனா பரவலால் வளாகம் மூடப்பட்டபோது காய்கறி வணிகம் திருமழிசைக்கும் பழ வணிகம் மாதவரத்துக்கும் தற்காலிகமாக மாற்றப்பட்டன. கொள்முதல் இடம் மாறினால் வண்டிப் பங்கும் அதனுடன் அடக்க விலையும் மாறும்.

குப்பைக்குப் போகாத கழிவு

கழிவு என்றவுடன் குப்பையில் கொட்டப்படும் பழமே நினைவுக்கு வருகிறது. ஆனால் அது கழிவின் ஒரு பகுதி மட்டுமே. மற்ற பகுதியைப் புரிந்துகொள்ள, பழங்கள் இருவகைப்படும் என்பதை அறிய வேண்டும். கொய்யா, சப்போட்டா, மா, வாழை, பப்பாளி ஆகியவை பறித்த பின்னும் எத்திலீன் என்னும் வாயுவைத் தாமே வெளியிட்டுத் தொடர்ந்து பழுப்பவை. சாத்துக்குடி, திராட்சை, மாதுளை ஆகியவை பறித்த பின் பழுக்காதவை. முதல் வகைப் பழம் ஒவ்வொரு மணி நேரமும் முதிர்ந்து, விற்கத்தக்க நிலையை அடைந்து, விரைவில் அதைக் கடந்தும் விடுகிறது. கனிந்த ஒரு பழம் வெளியிடும் வாயு அதனருகில் உள்ள செங்காய்களையும் விரைவுபடுத்துவதால், காலையில் தரம் பிரிக்காமல் ஒன்றாகக் குவிப்பது இழப்பைப் பெருக்குகிறது. இரண்டாம் வகைப் பழம் அழுகுவதற்கு முன் நீரை இழந்து எடை குறைகிறது. எடையிட்டு விற்கும் கடையில் இந்த நீரிழப்பும் பண இழப்பே. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அதைக் கழிவாக எண்ணுவதில்லை. ஈரக் கோணியால் மூடுவது இதைக் குறைக்கிறது. குளிர்பெட்டி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையன்று: வாழை போன்ற வெப்பமண்டலப் பழங்கள் ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே தோல் கறுத்துப்போகும் இயல்புடையவை.

அந்த நாளின் விற்பனை இவ்வாறு அமைகிறது. கொய்யாவில் 13 கிலோ 90 ரூபாய்க்கு விற்கிறது. மாலையில் கனிந்துவிட்ட மூன்று கிலோ 60 ரூபாய்க்குக் கூறு கட்டி, அதாவது எடையிடாமல் சிறு குவியல்களாக வைத்து, விற்கப்படுகிறது. மூன்று கிலோ மிஞ்சுகிறது. சப்போட்டாவில் எட்டு கிலோ 80 ரூபாய்க்கு விற்க, இன்னும் காயாக உள்ள ஆறு கிலோ மறுநாளுக்கு நிற்கிறது. சாத்துக்குடியில் 11 கிலோ 90 ரூபாய்க்குப் போக, ஒன்பது கிலோ மீதி. இவற்றுடன், முந்தைய நாள் மிஞ்சியிருந்த ஐந்து கிலோ சாத்துக்குடியும் 80 ரூபாய் வீதம் விற்றுவிடுகிறது. ஆக மொத்த விற்பனை 3,380 ரூபாய்.

கழிவை இப்போது அளந்து பார்க்கலாம். குப்பைக்குப் போன இரண்டு கிலோவின் அடக்கம் 98 ரூபாய். கூறு கட்டி விற்ற மூன்று கிலோவில் விலை இறங்கியதால் கைவிட்டுப்போன வருவாய் 90 ரூபாய். மிஞ்சிய மூன்று கிலோ கொய்யாவின் அடக்கம் 162 ரூபாய், அதில் ஒரு கிலோ அழுகி, எஞ்சிய இரண்டு கிலோ 40 ரூபாய் வீதமே மறுநாள் போகும் என்பதால், அதன் இன்றைய மதிப்பு 80 ரூபாய்தான், இழப்பு 82. சாத்துக்குடியின் நீரிழப்பும் வாட்டமும் சுமார் 31 ரூபாய். மொத்தம் 301 ரூபாயில் குப்பைக் கூடையில் கண்ணுக்குத் தெரிந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இரண்டு இரவுகள், இரண்டு விடைகள்

முதல் நாள் இரவில் வியாபாரி எண்ணுகிறார். வரவு 3,380. கொள்முதல் 2,920, வண்டி வாடகை 70, பை 40, விளக்கு வாடகை 30, தண்டல் தவணை 100. தண்டல் என்பது மொத்தத் தொகையில் வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கொடுத்து, நாள்தோறும் கடைக்கே வந்து வசூலிக்கும் கடன்முறை. இவர் 10,000 ரூபாய்க்குக் கையெழுத்திட்டு 8,500 ரூபாய் பெற்று, 100 நாட்களுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் செலுத்துகிறார். எல்லாம் போகப் பையில் மிஞ்சுவது 220 ரூபாய். விடியலுக்கு முன் எழுந்து இரவு வரை நின்றதற்கு 220 ரூபாயா என்று சலித்துக்கொள்வது இயல்பே.

ஆனால் அவருடைய வண்டியில் மறுநாளுக்கான சரக்கு இருக்கிறது. கொய்யா 80, சப்போட்டா 264, சாத்துக்குடி 500 என, அதன் மதிப்பு 844 ரூபாய். அடக்க விலை, மறுநாள் கிடைக்கக்கூடிய விலை ஆகிய இரண்டில் குறைவானதையே மிஞ்சிய சரக்கின் மதிப்பாகக் கொள்வது கணக்கியலின் வழக்கம்; கொய்யாவுக்கு 162க்குப் பதிலாக 80 என எழுதியது அதனாலேயே. அன்று காலையில் அவரிடமிருந்த பழைய சரக்கு 295 ரூபாய். எனவே விற்ற சரக்கின் அடக்கம், பழைய சரக்கையும் புதிய கொள்முதலையும் கூட்டி மிஞ்சியதைக் கழிக்க 2,371 ரூபாய். விற்பனையிலிருந்து அதைக் கழித்தால் 1,009. அதிலிருந்து வாடகை, பை, விளக்கு ஆகியவற்றுக்கான 140 ரூபாயும் தண்டலில் ஒரு நாளுக்குரிய வட்டியான 15 ரூபாயும் போனால், அன்றைய சம்பாத்தியம் 854 ரூபாய். தண்டல் தவணையின் எஞ்சிய 85 ரூபாய் செலவன்று. அது கடன் முதலைத் திருப்பித் தருவது. 854க்கும் 220க்கும் இடையிலுள்ள 634 ரூபாயில் 549 ரூபாய் சரக்காகவும் 85 ரூபாய் கடன் குறைவாகவும் மாறியிருக்கிறது.

இரண்டாம் நாள் வானம் மூட்டமாக இருப்பதைப் பார்த்து அவர் பத்து கிலோ கொய்யா மட்டும் வாங்குகிறார். அடக்கம் 540 ரூபாய். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்கிறது. புதிய கொய்யாவில் ஆறு கிலோ 540 ரூபாய்க்கும், பழைய கொய்யா இரண்டு கிலோ 80 ரூபாய்க்கும், சப்போட்டா மூன்று கிலோ 240 ரூபாய்க்கும், அளவுக்கு மீறிக் கனிந்த சப்போட்டா இரண்டு கிலோ பழச்சாறுக் கடைக்கு 60 ரூபாய்க்கும், சாத்துக்குடி ஐந்து கிலோ 425 ரூபாய்க்கும் விற்கின்றன. வரவு 1,345. கொள்முதலும் அதே 140 ரூபாய்ச் செலவும் 100 ரூபாய்த் தண்டலும் போகப் பையில் 565 ரூபாய் இருக்கிறது. முதல் நாளைவிட இரண்டரை மடங்கு. ஆனால் 844 ரூபாயாக இருந்த சரக்கு 350 ரூபாயாகக் கரைந்துவிட்டது. விற்ற சரக்கின் அடக்கமான 1,034ஐயும் செலவையும் வட்டியையும் கழித்தால் அன்றைய சம்பாத்தியம் 156 ரூபாய்.

> இரு நாட்களின் கணக்கு (ரூபாயில்)
> முதல் நாள்: விற்பனை 3,380, பையில் மிஞ்சியது 220, சம்பாத்தியம் 854
> மழை நாள்: விற்பனை 1,345, பையில் மிஞ்சியது 565, சம்பாத்தியம் 156

நன்றாக விற்ற நாளில் பிறக்கும் கடன்

இந்த முரண் ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுச் செலவுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் வேண்டும் என்றால், முதல் நாள் இரவு 180 ரூபாய் குறைகிறது. அதைக் கொள்முதலுக்கென வைத்திருக்கும் முதலிலிருந்து எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வழக்கமான அளவுக்கே சரக்கு எடுக்க முயலும் வியாபாரி, 854 ரூபாய் சம்பாதித்த மறுநாளே கைமாற்றுக் கேட்க நேர்கிறது. மழை நாளிலோ 156 ரூபாய் சம்பாதித்துவிட்டு 400 ரூபாயை வீட்டுக்குக் கொடுத்த பின்னும் பையில் 165 ரூபாய் இருப்பதால், வியாபாரம் பரவாயில்லை என்ற எண்ணம் உண்டாகிறது. சரக்கை எண்ணாத வியாபாரி, கடன் வாங்கத் தேவையில்லாத நாளில் கடன் வாங்கவும், கையை இறுக்க வேண்டிய நாளில் தாராளமாக இருக்கவும் இதுவே காரணம்.

இதற்கு மாற்று, நாளைய தேவையிலிருந்து இன்றைய மீதியைக் கழித்து, அந்த அளவுக்கே கொள்முதல் செய்வது. ஒன்பது கிலோ சாத்துக்குடி கையில் இருக்கையில் மேலும் பதினொரு கிலோ போதும். 531 ரூபாய் முதல் விடுபடுகிறது. 180 ரூபாய்க் கைமாற்றுக்கு வேலையே இல்லை. மிக எளிய வழியாகத் தோன்றும் இதைப் பலர் கடைப்பிடிக்காததற்கும் ஒரு காரணம் உண்டு: மண்டியில் முழுக் கிரேட்டாக எடுத்தால் கிடைக்கும் விலை, பிரித்து எடுத்தால் கிடைப்பதில்லை. இருவர் சேர்ந்து ஒரு கிரேட்டைப் பங்கிட்டுக்கொள்வது அதனால்தான்.

எந்தப் பழத்தில் துணிந்து கூடுதலாக எடுக்கலாம் என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. கொய்யாவில் ஒரு கிலோ விற்றால் ஆதாயம் 36 ரூபாய். விற்காமல் நின்றால் இழப்பு சுமார் 27 ரூபாய். ஆகவே கடைசிக் கிலோ விற்றுப்போகும் வாய்ப்பு ஏழில் மூன்று பங்குக்கு மேல் இருந்தால்தான் அதை எடுப்பது பயன் தரும். சாத்துக்குடியில் ஆதாயம் 31 ரூபாய், ஒரு நாள் நின்றால் இழப்பு மூன்றரை ரூபாய். பத்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலும் எடுக்கலாம். ஆனால் நிற்கும் சாத்துக்குடியில் முதல் முடங்குகிறது என்பதால், கடன் முதலில் வியாபாரம் செய்பவருக்கு இந்தத் துணிவுக்கும் எல்லை உண்டு.

மழைக்கும் மாறாத வாடகை

கொள்முதலைக் குறைக்கலாம்; வாடகையைக் குறைக்க இயலாது. முதல் நாளில், விற்ற சரக்கின் அடக்கம் போக நின்ற 1,009 ரூபாயில் வண்டி வாடகை ஏழு சதவீதம். மழை நாளில் நின்ற 311 ரூபாயில் அதே 70 ரூபாய் 22 சதவீதத்துக்கும் மேல். இவ்வளவு செலுத்துவதற்குப் பதில் வண்டியை வாங்கிவிடலாமே என்ற கேள்வி வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எழுவது இயல்பு. வாடகைக்குள் சக்கரமும் பேரிங்கும் பழுதாகும்போது சரிசெய்யும் செலவும், இரவில் வண்டியை நிறுத்த ஓரிடமும், அகற்றும் நடவடிக்கையில் வண்டி போனால் ஏற்படும் இழப்பில் ஒரு பகுதியும் அடங்கியிருக்குமானால், அது வெறும் மரச்சட்டத்துக்கான விலையன்று. இவை எதையும் ஏற்காத உரிமையாளருக்குக் கொடுக்கும் 70 ரூபாயைப் பற்றித்தான் அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்.

> சட்டம் சொல்வது
> தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் முறைப்படுத்தல் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. வியாபாரியை இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பறிமுதல் செய்த பொருளை வியாபாரி உரிமை கோரினால், அழுகும் பொருளை அதே நாளிலும் மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் விடுவிக்க வேண்டும்.

அழுகும் பொருளுக்குத் தனி விதி இருப்பதன் நியாயத்தை மேற்கண்ட கணக்கே காட்டுகிறது. ஒரு நாள் தாமதமாகத் திரும்பும் சாத்துக்குடி கிலோவுக்கு மூன்றரை ரூபாய் இழக்கிறது. கொய்யாவோ பாதி விலையை இழக்கிறது. வண்டி இரண்டு நாள் கழித்தே வருமானால், பழம் அன்றே திரும்பினாலும் அதை எதில் வைத்து விற்பது என்பது சட்டம் தொடாத கேள்வி.

வட்டியின் எடை

மேற்கண்ட தண்டலில் 100 நாட்களுக்கு 1,500 ரூபாய் வட்டி என்பது கேட்க மிதமாகவே இருக்கிறது. ஆனால் நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதால், கடன் வாங்கியவரிடம் சராசரியாக நிற்கும் தொகை 8,500இல் ஏறத்தாழ பாதிதான். முறையாகக் கணக்கிட்டால் வட்டி விகிதம் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடுகிறது. இதைவிடக் கடுமையானது, காலையில் வாங்கி மாலையில் திருப்பும் நாள் கடன். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகிய பொருளியலாளர்கள் தங்கள் நூலொன்றில் குறிப்பிடும் சென்னைப் பழ வியாபாரிகளின் சராசரி நாள் வட்டி 4.69 சதவீதம், காலையில் 1,000 ரூபாய் வாங்கியவர் மாலையில் 1,046 ரூபாய் 90 காசு தர வேண்டும். நமது வியாபாரி முதல் நாள் கொள்முதலான 2,920 ரூபாயை இந்த வட்டிக்கு வாங்கியிருந்தால் 137 ரூபாய் போயிருக்கும். வாடகை, பை, விளக்கு மூன்றும் சேர்ந்த செலவுக்கு அது ஏறக்குறைய சமம்.

இக்கடனிலிருந்து மீள்வது எண்ணளவில் கடினமன்று. நாள்தோறும் பத்து ரூபாயை எடுத்து வைத்து, அந்த அளவுக்கு மறுநாள் கடனைக் குறைத்து, குறையும் வட்டியையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு போனால், 1,000 ரூபாய் நாள் கடன் ஏறத்தாழ 38 நாட்களில் தேவையற்றுப்போகும். ஆனால் டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் சந்தை வியாபாரிகளின் கடனைத் தாங்களே அடைத்துவிட்டு நடத்திய ஆய்வில், பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் கடனுக்குத் திரும்பினர். ஓரிரு ஆண்டுகளில், கடன் அடைக்கப்படாதவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லாமற்போனது. இதைச் சிக்கனமின்மை என்று மட்டும் கொள்வது அவசரமான முடிவாகும். கடன் இல்லாமலிருப்பதும் கையிருப்பு இருப்பதும் ஒன்றன்று: கடன் அடைந்த நாளில் நமது வியாபாரியிடம் கொள்முதலுக்கான முதல் மட்டுமே இருக்கும், தொடர்ந்து இரண்டு மழை நாட்களும் வீட்டில் ஒரு மருத்துவச் செலவும் வந்தால், அந்த முதலிலேயே கை வைக்க நேரும்.

> வங்கிக் கடன்
> தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டம் 2020 ஜூன் மாதத்தில் தொடங்கியது. பிணையின்றி முதல் தவணை 10,000, அடுத்து 20,000, பின்னர் 50,000 ரூபாய் என அமைந்த கடன், 2025இல் 15,000, 25,000, 50,000 என மாற்றப்பட்டு 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. தவறாமல் கட்டுவோருக்கு 7 சதவீத வட்டி மானியம் உண்டு.

வங்கிக் கடனின் வட்டி தண்டலின் வட்டிக்குச் சிறு பின்னமே என்றாலும், அதன் தவணை மாதத்துக்கொருமுறை வருகிறது. வியாபாரியின் பணமோ நாள்தோறும் உருமாறிக்கொண்டிருக்கிறது. தண்டல்காரர் மாலையில் வண்டிக்கே வந்து 100 ரூபாயை வாங்கிச் செல்வதால் அந்தத் தொகை வேறு செலவுக்குப் போவதில்லை. மாதத் தவணைக்கான பணத்தையோ வியாபாரியே 30 இரவுகள் காத்து வைத்திருக்க வேண்டும். 565 ரூபாய் பையில் இருக்கும் இரவில் எடுத்து வைப்பது எளிது, 220 ரூபாய் இருக்கும் இரவில் கடினம். மேற்கண்ட இரண்டு நாட்களில் உண்மையில் எடுத்து வைக்க வலுவிருந்தது 220 ரூபாய் இரவில்தான் என்பதால், தவணைக்கான பணத்தைக் கல்லாவைப் பார்த்து ஒதுக்காமல், வண்டியில் நிற்கும் கிலோக்களையும் சேர்த்து எண்ணியே ஒதுக்க வேண்டியிருக்கிறது.